சுவரொட்டியில் ஒரே ஒரு சொல்லை மாற்ற: படத் திருத்தக் குறிப்பு

இத்துடன் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. முதலாவது vaanam_poster_v3.png, வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்கான சுவரொட்டி. அகலம் 2480 பிக்சல், உயரம் 3508 பிக்சல். இரண்டாவது vaanam_mask.png என்ற மூடி, அதே அளவில் கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக இருக்கும் செவ்வகத்துக்குள் மட்டும் கை வைக்கலாம். கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் பூட்டிய இடம்.

வேலை இதுதான். சுவரொட்டியின் கீழ்ப்பாதியில், இடப்பக்கம், மஞ்சள் எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

2026 மார்ச் 15, சனிக்கிழமை

அது இப்படி ஆக வேண்டும்:

2026 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை என்ற சொல் போய் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும், அவ்வளவுதான். தேதி சரியானது. அந்த 15 ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது, கிழமை மட்டும்தான் தவறு. ஆகவே கிழமைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று 15-ஐ 14 ஆக்க வேண்டாம். 2026, மார்ச், 15, அதன் பின்னால் வரும் காற்புள்ளி, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை என்ற சொல் இந்தச் சுவரொட்டியில் இன்னோர் இடத்திலும் வருகிறது. அடியில் சின்ன வெள்ளை எழுத்தில் “முன்பதிவு மார்ச் 14, சனிக்கிழமை இரவு வரை” என்று இருக்கும். அது சரி, அதைத் தொட வேண்டாம். அதையும் ஞாயிறு ஆக்கிவிட்டால், முன்பதிவு முந்தைய நாளே முடிந்தது தெரியாமல் நிகழ்ச்சியன்று காலையில் பதிவு செய்ய முயல்பவர்கள் ஏமாந்து போவார்கள். மாற்ற வேண்டியது மஞ்சள் எழுத்தில் இருக்கும் பெரிய சொல். இடமிருந்து 1110 பிக்சலில் தொடங்கி 1640-இல் முடிகிறது, மேலிருந்து 2410-க்கும் 2560-க்கும் நடுவில் இருக்கிறது.

இனி எழுத்துகள். இந்தப் பகுதியை மிகக் கவனமாக எடுத்துக்கொள்ளவும், ஏனென்றால் தமிழ் எழுத்தைப் படமாக வரையும்போது தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

புதிய சொல்லில் எட்டு எழுத்துகள்: ஞா, யி, ற், று, க், கி, ழ, மை. இந்த வரிசையில், ஒன்றும் குறையாமல், ஒன்றும் கூடாமல் வர வேண்டும். கடைசி நான்கும், அதாவது க்கிழமை, பழைய சொல்லிலேயே இருக்கின்றன. அவற்றைப் புதிதாக வரையத் தேவையில்லை. அப்படியே வலப்பக்கம் நகர்த்தினால் போதும். மாறுவது சொல்லின் முன்பகுதிதான், “சனி” இருந்த இடத்தில் “ஞாயிற்று” வரும்.

இந்த முன்பகுதி எழுத்துகளுக்கு மாதிரி சுவரொட்டியிலேயே இருக்கிறது. அடியில் “மேகம் மூடியிருந்தால் அடுத்த ஞாயிறு” என்ற வரியைப் பார்க்கவும். அதே எழுத்துரு, அளவு மட்டும் சிறியது. ஞா, யி, று மூன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றின் வளைவையும் தடிமன் விகிதத்தையும் அங்கிருந்து எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ற் என்பதற்கு, று-வின் கீழே இறங்கும் பகுதி இல்லாத வெறும் ற, அதன் மேல் ஒரு புள்ளி. ற்-உம் று-வும் அடுத்தடுத்து வருவதால் இரண்டும் ஒரே எழுத்தாகச் சேர்ந்துவிடவோ ஒன்று விடுபடவோ வாய்ப்பு அதிகம். “ஞாயிறுக்கிழமை” என்றோ “ஞாயிற்றக்கிழமை” என்றோ வந்தால் அது தவறு. மையில் ஐகாரக் குறி ம-வுக்கு இடப்பக்கம் நிற்கும். வலப்பக்கம் போய்விடக் கூடாது. ழ என்பது ழ-வாகவே இருக்க வேண்டும், ள-வும் இல்லை, ல-வும் இல்லை.

புள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சொல்லில் மெய்யெழுத்துப் புள்ளி சரியாக இரண்டு. ஒன்று ற்-இன் மேல், இன்னொன்று க்-இன் மேல். பின்னணியோ நட்சத்திரங்கள் தூவிய இருண்ட வானம். இருட்டில் எழுத்துக்குச் சற்று மேலே ஒரு வெளிச்சப் பொட்டு இருந்தால் கண் அதை நட்சத்திரம் என்று பார்க்காது, புள்ளி என்றுதான் படிக்கும். ழ-வின் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம் விழுந்தால் அது ழ் ஆகிவிடும். மாறாக, ற்-இன் புள்ளி மங்கலாகி வானத்தோடு கலந்துவிட்டால் அது ற ஆகிவிடும். ஆகவே இரண்டு புள்ளிகளும் எழுத்தின் அதே மஞ்சள் நிறத்தில், பழைய க்-இன் மேல் இருக்கும் புள்ளியின் அதே பருமனில், விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். ஒளிவட்டமோ மினுக்கமோ வேண்டாம்.

இதில் ஒரே ஒரு விலக்கு தருகிறேன். பழைய சொல்லுக்கு வலப்பக்கம், இடமிருந்து சுமார் 1720, மேலிருந்து சுமார் 2400 என்ற இடத்தில் ஒரு குட்டி வெள்ளைப் பொட்டு இருக்கிறது. ஓவியர் தூரிகையை உதறியபோது தெறித்தது, உண்மையான விண்மீன் எதுவும் அங்கே இல்லை. புதிய சொல் வந்து நிற்கும்போது அந்தப் பொட்டு ழ-வுக்கு மேலேயே வந்துவிடும். அதை மட்டும் பின்னணி நீலத்தில் கரைத்துவிடலாம். மூடியின் வெள்ளைப் பகுதிக்குள் அதையும் சேர்த்திருக்கிறேன். படத்தில் இருக்கும் வேறு எந்தப் பொட்டுக்கும் இந்த அனுமதி கிடையாது.

எழுத்தின் நிறம் #F2C84B. ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கக் கீழே 4 பிக்சல் தள்ளி ஒரு மெல்லிய கருநீல நிழல் இருக்கிறது, புதிய எழுத்துகளுக்கும் அதே நிழல் வேண்டும். எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், அடிக்கோட்டு மட்டம் எல்லாம் பக்கத்திலிருக்கும் “மார்ச்” என்ற சொல்லோடு ஒத்துப்போக வேண்டும். சொல் அதே 1110-இல் தொடங்கட்டும். எட்டு எழுத்து என்பதால் நீளம் கூடும், அதுவும் ஞா நிறைய இடம் எடுக்கும். எப்படியும் 1900-ஐ ஒட்டி முடிந்துவிடும். தொலைநோக்கியின் குழாய் 2080-இல்தான் தொடங்குகிறது, இடம் இருக்கிறது. ஆகவே எழுத்தை நெருக்கவோ ஒடுக்கவோ அடுத்த வரிக்கு மடக்கவோ காரணமே இல்லை. வரி நீண்டுவிட்டதே என்று மற்ற வரிகளை நகர்த்தி நடுவாக்கவும் வேண்டாம். இடப்பக்கம் ஒரே நேராகத் தொடங்கும் அமைப்புதான் வேண்டியது.

பழைய “சனி” இருந்த இடத்தில் புதிய எழுத்துகளுக்கு இடையே தெரியும் பின்னணியை நிரப்பும்போது, சுற்றியுள்ள நீலத்தையே தொடரவும். அது மேலிருந்து கீழாக மெல்ல வெளிறும், நீர்வண்ணத் தாளின் சொரசொரப்பும் அதில் இருக்கும். வழவழப்பான ஒட்டுத்துணி போல ஒரு செவ்வகம் அங்கே தெரிந்தால் சுவரொட்டியே கெட்டுவிடும்.

இனி மற்றவை. மூடிக்கு வெளியே ஒரு பிக்சலும் மாறக் கூடாது என்று சொன்னால் போதும்தான். ஆனால் “மேம்படுத்துகிறேன்” என்று எதையெல்லாம் தொட வாய்ப்பிருக்கிறதோ அவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

தலைப்பு “வாங்க, வானத்தப் பாக்கலாம்” என்று பேச்சுவழக்கில் இருக்கிறது. வேண்டுமென்றே அப்படி எழுதியது. “பார்க்கலாம்” என்று திருத்த வேண்டாம். அதன் கீழே “தொலைநோக்கி வழியே ஒரு மாலை” என்று இருக்கிறது. அதிலுள்ள தொ, நோ இரண்டிலும் முன்னும் பின்னும் குறிகள் இருப்பதால், மறுபடி வரைந்தால் சிதைய வாய்ப்பு உண்டு. மறுபடி வரையவே வேண்டாம். “மாலை 6.30 முதல் இரவு 9.30 வரை” என்ற வரியும் அப்படியே.

மேற்பாதியில் உள்ள வானம் அலங்காரத்துக்கு வரைந்தது அல்ல. ஓவியர் விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விண்மீனையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார். வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் இருக்கும். அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், மறுபக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். நிகழ்ச்சிக்கு வரும் குழந்தைகள் இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, அதே வரிசையை வானில் தேடப்போகிறார்கள். ஒரு விண்மீன் கூடினாலோ குறைந்தாலோ நகர்ந்தாலோ அவர்களுக்கு வழி தப்பிவிடும். திருவாதிரை செம்மஞ்சளாகவும் ரிகெல் நீலம் கலந்த வெள்ளையாகவும் இருப்பதும் உண்மை நிறங்கள்தான். எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்க வேண்டாம்.

நிலா இல்லாததும் விடுபட்டது அல்ல. அன்று அமாவாசைக்கு நான்கு நாள்தான் பாக்கி. தேய்பிறை விடியலுக்குச் சற்று முன்புதான் எழும், மாலை வானில் நிலா இருக்காது. மங்கலான விண்மீன்களும் தெரியட்டும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். வானம் வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு பிறை வைக்க வேண்டாம்.

வலப்பக்க மேல்மூலையில் வட்டத்துக்குள் இருப்பது வியாழன். அதன் பட்டைகள் கிடையாக இருக்கின்றன, பக்கத்தில் நான்கு பொட்டுகள், ஒரு புறம் மூன்று, மறுபுறம் ஒன்று. 1610-இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவை. வளையம் சேர்த்து அதைச் சனியாக்க வேண்டாம். மாற்றப்படும் சொல்லில் “சனி” இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இங்கே சனி என்பது கிழமைதான், படத்தில் சனிக் கோள் எங்கும் கிடையாது.

கீழே வலப்பக்கம் தொலைநோக்கியில் கண் வைத்திருக்கும் சிறுமி, அவள் தோளில் கை வைத்து நிற்கும் பாட்டி. சிறுமி ஒரு கண்ணை இறுக மூடியிருப்பதால் முகம் கொஞ்சம் கோணலாகத் தெரியும். அதுதான் அந்தப் படத்தின் உயிர், நேராக்க வேண்டாம். பாட்டியின் சுருக்கம், விரல்கள், முக்காலியின் மூன்று கால்கள், எதையும் தொட வேண்டாம்.

படம் 2480 × 3508 அளவிலேயே, PNG ஆகத் திரும்பி வர வேண்டும். JPEG வேண்டாம், அதில் சேமித்தாலே படம் முழுவதும் பிக்சல்கள் லேசாக மாறிவிடும். ஓரம் வெட்டுவது, நிறத்தைக் கூட்டுவது, கூர்மையாக்குவது, சிறிய அளவில் செய்து பிறகு பெரிதாக்குவது எதுவும் கூடாது. வந்த படத்தைப் பழைய படத்தின் மேல் வைத்து வித்தியாசம் பார்ப்பேன். மாறாத இடம் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். மூடிக்கு வெளியே எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.

முழுப் படத்தையும் மறுபடி உருவாக்காமல் இதைச் செய்ய முடியாது என்றால், முழுப் படமே வேண்டாம். மூடியின் வெள்ளைப் பகுதியை மட்டும் அதே அளவில் தனித் துண்டாகக் கொடுத்தால் போதும், பழைய படத்தில் நானே பொருத்திக்கொள்கிறேன். எட்டு எழுத்தில் ஒன்று சரியாக வரவில்லை என்றாலும், அதைப்போல ஒன்றை வரைந்து ஒப்பேற்ற வேண்டாம். சொல் இருந்த இடத்தை வெறும் பின்னணியாக விட்டுக் கொடுத்தாலே எனக்குப் பெரிய உதவி, எழுத்தை எழுத்துருவிலிருந்து நேராகப் பதித்துக்கொள்வேன்.

ஒரே ஒரு படம் போதும். கோப்பின் பெயர் vaanam_poster_v4.png என்று இருக்கட்டும்.