மலையக ஒளிப்படக் கலைஞரின் காட்சித் தொகுப்பு: பணிகள், கருவிகள், மாதிரி வேலைகள், முன்பதிவு

ஹட்டனில் வசித்துச் சுயாதீனமாகப் பணியாற்றும் நான் மத்திய, ஊவா மாகாணங்களில் எடுத்த ஒளிப்படங்களையும் குறும் ஒளிப்பதிவுகளையும் இந்த நான்கு நிமிடம் பத்து விநாடிக் காணொளியில் தொகுத்திருக்கிறேன். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, நிறுவனங்களுக்கான ஆவணப் பதிவு, விடுதிகளுக்கான படங்கள் ஆகியவற்றுக்கு ஒருவரைத் தேடுபவர்கள், என்னை அழைப்பதற்கு முன் என் வேலையின் தன்மையை அறிந்துகொள்ளவே இதை வெளியிடுகிறேன்.

மலையகம் என்றவுடன் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருவது பச்சைத் தேயிலைச் சரிவும் அதில் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணும்தான். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் கேட்பதில்லை. அவர் அந்தப் படத்தைப் பார்ப்பதும் அரிது. இந்தத் தொகுப்பில் அருகிலிருந்து எடுக்கப்பட்ட ஒவ்வொரு முகமும் அவரவர் சம்மதத்துடன் எடுக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் படம் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. எந்த வாடிக்கையாளருக்காக வேலை செய்தாலும் இந்த இரண்டையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தோட்டத்துக்குள் நுழைந்து கொழுந்து பறிப்பவர்களைக் கேளாமல் படமெடுத்துத் தரும்படி கோருபவர்கள் வேறொருவரை நாடுவதே நல்லது.

காணொளியில் உள்ளவை

தொடக்கம் முதல் 0:48 வரை வருவது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த திருமணம். மணமகன் வீட்டார் லயத்திலிருந்து கோயிலுக்கு ஊர்வலமாக வரும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. மூட்டத்தில் கமராவின் ஒளியளவி வெண்மையைச் சாம்பலாக்கிக் காட்டும் என்பதால், அது சொல்வதைவிட ஏறக்குறைய ஒரு படி கூடுதலாக ஒளி கொடுத்து எடுத்திருக்கிறேன். சேலைகளின் சிவப்பு மங்காமல் நிற்பதற்கு அதுவே காரணம். மணமக்களின் தோல் நிறத்தையும் கவனியுங்கள். மலையகத் திருமண அல்பங்கள் பலவற்றில் முகங்களைச் செயற்கையாக வெளுக்க வைப்பதைக் காண்கிறோம். தங்கள் முகத்தைத் தாங்களே அடையாளம் காண முடியாத அல்பத்துக்காக ஒரு குடும்பம் பெருந்தொகை செலவழிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நான் நிறத்தைச் சமப்படுத்துவேன், தற்காலிகப் பரு போன்றவற்றை அகற்றுவேன், ஆனால் ஒருவரையும் வெளுக்க வைக்க மாட்டேன்.

0:49 முதல் 1:40 வரை காமன்கூத்து. மாசி மாதத்தில் விடிய விடிய நடக்கும் இந்தக் கூத்தில் ரதி மன்மதன் வேடமிடுவோர் ஊர் இளைஞர்கள்; தப்பு அடிப்பவர்களும் ஊரவர்களே. இந்தப் பகுதி முழுவதும் களத்தில் இருந்த விளக்குகளின் ஒளியிலேயே எடுக்கப்பட்டது. மன்மதன் எரிக்கப்படும் கட்டத்தில் கண் கூசும் ஃபிளாஷ் பாய்ச்சினால் ஆடுபவரின் கவனமும் பார்ப்பவரின் ஈடுபாடும் குலையும் என்பதால், சடங்குகளிலும் கூத்துகளிலும் நான் ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை. கமராவின் ஐஎஸ்ஓ உணர்திறனை 6400 அல்லது 12800 வரை உயர்த்தி, பெரிய துளை கொண்ட லென்ஸுடன் நெருங்கி நின்று எடுப்பேன். படத்தில் சற்றே மணல்தன்மை தெரியும். அந்த இரவின் இருள் அப்படித்தான் இருந்தது.

1:41 முதல் 2:30 வரை தலவாக்கலைக்கு அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்காகச் செய்த பதிவு. கொழுந்து நிறுக்கப்படுவதிலிருந்து வாட்டல், அரைத்தல், உலர்த்தல், சலித்தல் வரை ஒரு நாள் உற்பத்தி தொடர்ச்சியாகக் காட்டப்படுகிறது. தொழிற்சாலைகளின் குழல்விளக்குகளும் சில எல்ஈடி விளக்குகளும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் துடிப்பதால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைக்காவிட்டால் ஒளிப்பதிவில் பட்டைகள் ஓடும். வாட்டல் தொட்டிகளின் மேல் சன்னல் ஒளி விழும் காலை நேரத்துக்காகவே அந்தத் தளத்தின் காட்சிகளை நாளின் முதல் வேலையாக வைத்தோம். சலிக்கும் பகுதியில் காற்றெங்கும் தேயிலைத் தூள் மிதக்கும். அங்கே லென்ஸ் மாற்றினால் தூசி சென்சரில் படியும். ஆகவே அவ்விடத்துக்கு ஒரே லென்ஸ் பொருத்திய இரண்டாவது கமராவைத் தனியாக எடுத்துச் சென்றேன்.

அடுத்து 3:05 வரை, பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள சிறிய விருந்தினர் விடுதி ஒன்றுக்காக எடுத்த அறைகள், சமையலறை, தோட்டம் ஆகியவற்றின் படங்கள்.

3:06 முதல் 3:40 வரையிலான கறுப்பு வெள்ளைப் படங்கள், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடத்தப்பட்ட நடைபயணத்தின் இறுதிப் பகுதியில் எடுக்கப்பட்டவை. யாரும் கட்டணம் தந்து கேட்ட வேலையன்று இது. மூதாதையர் காடு வழியே நடந்துவந்த பாதையில் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் நடந்தபோது, அதைப் பதிவுசெய்வது என் கடமை என்று கருதிச் சென்றேன். ஆய்வுக்கோ கல்விக்கோ இப்படங்கள் தேவைப்படுவோருக்கு இலவசமாகவே தருகிறேன்.

இறுதி அரை நிமிடத்தில் குடும்பங்களின் பழைய படங்களை மீட்டெடுத்த வேலைகள் வருகின்றன. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

செய்து தரும் பணிகள்

திருமணம், நிச்சயதார்த்தம், பூப்புனித நீராட்டு விழா, காதுகுத்து, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்கு அரை நாள் அல்லது முழு நாள் என்ற அடிப்படையில் வருகிறேன். அரை நாள் என்பது ஐந்து மணித்தியாலம். கட்டணம் 28,000 ரூபாய். முழு நாள் பத்து மணித்தியாலம். கட்டணம் 50,000 ரூபாய். உதவியாளருடன் ஒளிப்பதிவும் வேண்டுமானால் முழு நாளுக்கு 85,000 ரூபாய். அல்பம் இதில் அடங்காது. பக்கங்களின் எண்ணிக்கையையும் தாளின் தரத்தையும் பொறுத்து அதன் விலை மாறுவதால், மாதிரிகளை நேரில் காட்டிய பின்னரே விலை சொல்கிறேன். தோட்டக் கோயில் திருவிழாக்களுக்குத் திருவிழாக் குழுவினரோடு பேசித் தனிக் கட்டணம் வைத்துக்கொள்ளலாம். காவடி, கரகம், தீமிதிப்பு முதலியவற்றை எடுக்கும்போது விரதமிருப்போருக்கு இடையூறு நேராத தூரத்திலேயே நிற்பேன்.

நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், பாடசாலைகள் ஆகியவற்றுக்கான பதிவுகளுக்கு வேலையின் அளவைப் பார்த்து எழுத்து மூலம் மதிப்பீடு தருகிறேன். சிறுவர்களின் படங்கள் என்றால் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெறும் பொறுப்பு அமைப்பினுடையது. அந்தப் படிவம் கிடைத்த பின்னரே படங்களைக் கையளிப்பேன்.

பழைய படங்களை மீட்டெடுப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டியின் உருவத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி, ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படமோ அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படமோதான். லயத்துச் சுவரில் ஈரம் பட்டு, பூஞ்சணம் பிடித்து, கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படங்களைத் தயவுசெய்து நீங்களாகப் பிரித்தெடுக்க முயலாதீர்கள், சட்டத்தோடேயே கொண்டுவாருங்கள். கண்ணாடிக்கு மேலிருந்தே பிரதிபலிப்பு விழாமல் படமெடுத்து, கணினியில் சீர்செய்து, அச்சிட்டுத் தருகிறேன். ஒரு படத்துக்கு 2,500 ரூபாய். மூலப்படம் உங்கள் கண்முன்னேயே கையாளப்பட்டு அன்றே திருப்பித் தரப்படும்.

கருவிகள்

முதன்மைக் கமரா முழுச்சட்ட வகையைச் சேர்ந்த, 33 மெகாபிக்சல் கொண்ட சோனி ஏ7 நான்காம் தலைமுறை. அதில் இரண்டு நினைவட்டைகளுக்கு இடமுண்டு. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவாவதால், ஓர் அட்டை பழுதடைந்தாலும் உங்கள் தாலிகட்டும் நேரம் இழக்கப்படாது. இரண்டாவது கமராவும் முழுச்சட்ட வகையே. லென்ஸ்களில் 24–70 மிமீ எஃப்/2.8, 70–200 மிமீ எஃப்/2.8, 35 மிமீ எஃப்/1.8, 85 மிமீ எஃப்/1.8 ஆகியவை உண்டு. கோயில் கருவறை முன்பும் கூத்துக்களத்திலும் கடைசி இரண்டுமே பெரிதும் கைகொடுக்கின்றன. வரவேற்பு மண்டபங்களுக்கு மின்கலத்தில் இயங்கும் கொடொக்ஸ் விளக்குகள், ஒளிப்பதிவுக்கு அதிர்வுதாங்கி, பேச்சைப் பதிவுசெய்யக் கம்பியில்லா ஒலிவாங்கிகள் ஆகியவற்றைக் கொண்டுவருகிறேன். குளிரிலிருந்து சூடான மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் லென்ஸில் நீராவி படியும் என்பதால், நுவரெலியா போன்ற இடங்களில் நிகழ்வு தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பே வந்து, கருவிகளைப் பையினுள் வைத்தே அறையின் வெப்பநிலைக்குக் கொண்டுவருவது என் வழக்கம்.

ட்ரோன் படங்களும் எடுக்க முடியும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டும், தேவையான இடங்களில் பாதுகாப்புத் தரப்பின் அனுமதியுடனும் மட்டுமே அதைப் பறக்கவிடுவேன். அனுமதி பெறக் காலம் எடுக்கும் என்பதால் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் சொல்ல வேண்டும். தோட்டங்களில் முகாமையாளரின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும். பறக்கவிட்டுப் பார்ப்போம், யாராவது கேட்டால் சமாளிப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

முன்பதிவு

முகூர்த்தங்கள் நெருங்கி வரும் தை, ஆவணி மாதங்களுக்கு மூன்று மாதங்கள் முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது. மற்ற மாதங்களுக்கு மூன்று வாரம் போதும். இந்தக் காணொளியின் செய்திப் பெட்டிக்குத் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். நிகழ்வின் திகதி, இடம், டிவிஷனின் பெயர், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் ஒரு நாளுக்குள் பதில் தருகிறேன். குரல் பதிவாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதன் பின் ஹட்டனிலோ உங்கள் வீட்டிலோ ஒருமுறை சந்தித்துப் பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

திகதியை உறுதிப்படுத்த மொத்தத் தொகையில் 30 வீதம் முற்பணமாகச் செலுத்த வேண்டும். மீதியை நிகழ்வன்று தரலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் விரும்பினால் மீதியை அவர்களின் சம்பள நாளை ஒட்டி மூன்று தவணைகளாகத் தரலாம். இதற்கு வட்டியும் இல்லை, பிணையும் வேண்டியதில்லை. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை ஆகிய இடங்களுக்குப் போக்குவரத்துச் செலவு அறவிடுவதில்லை. அதற்கு அப்பால் வாகன வாடகையும், இரவு தங்க நேர்ந்தால் இடமும் உணவும் வாடிக்கையாளரின் பொறுப்பு. வாகனம் செல்லாத லயங்களுக்குக் கருவிகளைச் சுமந்து நடந்தே வருவேன். பாதையின் நிலையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும்.

வெளிப்புறப் படங்களுக்குக் காலநிலை முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் வெயிலாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கத்தை நனைக்கும். ஆகவே திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு இடத்தையும் மாதத்தையும் சேர்த்தே தீர்மானிப்போம். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டாலோ கடும் மழை பெய்தாலோ வெளிப்புறப் படப்பிடிப்பை வேறு நாளுக்கு மாற்றுவோம். முற்பணம் அப்படியே புதிய நாளுக்குச் செல்லும். நீங்களாக நிகழ்வைக் கைவிட்டால் இரண்டு வாரங்களுக்கு முன் அறிவித்தால் முற்பணத்தில் பாதி திருப்பித் தரப்படும். வீட்டில் துயரம் நேர்ந்து கைவிட்டால் முழுவதும் திருப்பித் தருவேன்.

தேர்ந்தெடுத்த 30 படங்கள் மூன்று நாட்களில் வாட்ஸ்அப்பிலும், சீர்செய்த முழுத் தொகுப்பு 21 நாட்களில் இணைப்பாகவும் கிடைக்கும். பல டிவிஷன்களில் சமிக்ஞை பலவீனமாக இருப்பதால் அனைவருக்கும் ஒரு பென் டிரைவும் தருகிறேன். உங்கள் படங்கள் என்னிடம் இரு வேறு வன்தட்டுகளில் ஓராண்டு பாதுகாக்கப்படும். உங்கள் அனுமதியின்றி அவற்றில் ஒன்றையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்.