கவினுக்கு, கம்ப்யூட்டர் விஷயமா அம்மா எழுதுறது

கண்ணு,

நேர்ல பேசினா நான் சத்தம் போட்டுருவேன், நீ கதவ சாத்திக்குவ, அதனாலதான் எழுதுறேன். டியூசன் முடிஞ்சு வந்து சாப்ட்டுட்டு பொறுமையா படி. இது திட்டுற லெட்டர் இல்ல.

மொதல்ல என் தப்ப சொல்லிர்றேன். அன்னிக்கு ராத்திரி நீ பசங்களோட பேசிக்கிட்டே விளையாடிட்டு இருக்கறப்ப நான் வந்து யூபிஎஸ் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணினேன், அதுக்கு முன்னாடி உன் மைக் ஆன்ல இருக்கறது தெரியாம கத்தினது எல்லாம் உன் ஃப்ரெண்ட்ஸ் காதுல விழுந்துச்சு. மறுநாள் ஸ்கூல்ல அத சொல்லி கிண்டல் பண்ணினாங்கன்னு தர்ஷினி சொன்னா. மன்னிச்சுக்க சாமி. இனி ஸ்விட்ச்சுல கை வைக்க மாட்டேன், எழுதிக் குடுத்துட்டேன்ல, வெச்சுக்க.

இப்ப 19ஆம் தேதி கதை. ஏதோ ஒரு சைட்ல மோட்பேக்னு ஒரு .exe ஃபைல், ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு ஓட்டுன்னு அவங்களே எழுதியிருந்தாங்க, நீயும் என் லாகின்லயே டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு ஓட்டிட்ட. மறுநாள் காலைல என் மெயில்ல எங்கிருந்தோ யாரோ லாகின் பண்ணியிருக்காங்கன்னு மெசேஜ். எனக்கு கை நடுங்கிருச்சு. அந்த குரோம்ல நான் கணக்கு பாக்குற 23 பார்ட்டியோட ஜிஎஸ்டி போர்ட்டல் பாஸ்வேர்டு சேவ் ஆயிருக்கு. அன்னிக்கு 20ஆம் தேதி, 3பி போட கடைசி நாள், நான் ரிட்டர்ன் போடுவனா, பக்கத்து கடை சிஸ்டத்துல உக்காந்து ஒவ்வொரு பாஸ்வேர்டா மாத்துவனா. சாயங்காலம் வரைக்கும் பாஸ்வேர்டு மாத்துறதுலயே போச்சு, ஒரு நிட்டிங் யூனிட்டோட ரிட்டர்ன் மட்டும் விட்டுப்போச்சு. ஒரு நாள் லேட் ஃபீஸ் 50 ரூபா, அத நானே கட்டிட்டேன். ஆனா அந்த அண்ணன் ஏழு வருசமா நம்மகிட்ட கணக்கு குடுக்கறவரு, அவருக்கு ஃபோன் பண்ணி லேட் ஆயிருச்சுங்கன்னு சொல்றப்ப எனக்கு குரலே வரல. அப்புறம் விண்டோஸ புதுசா போட்டு, பென்டிரைவ்ல இருந்த டேலி பேக்கப்ப எடுத்து, ரெண்டு நாள் பில்லு மொத்தத்தையும் மறுபடி அடிச்சேன்.

அந்த ஃபைல நீ ஓட்டினதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கல. காலைல கேட்டப்ப "எனக்கு ஒன்னும் தெரியாது"ன்னு சொன்ன, ராத்திரி 11 மணிக்குத்தான் வந்து சொன்ன. காலைலயே சொல்லியிருந்தா அப்பவே நெட்ட புடுங்கியிருக்கலாம், மெயில் பாஸ்வேர்ட மொதல்ல மாத்தியிருக்கலாம், பன்னெண்டு மணிநேரம் மிச்சமாயிருக்கும். அதனால இந்த லெட்டர்ல மத்த எத மாத்தினாலும் மாத்தலாம், இத மாத்த மாட்டேன்: என்ன தப்பு நடந்தாலும் நீயா உடனே வந்து சொன்னா தண்டனை கிடையாது. எவ்வளவு பெரிய தப்பா இருந்தாலும் சரி. என் டேலி டேட்டாவே போச்சுன்னாலும் மொதல்ல சேந்து உக்காந்து சரி பண்ணுவோம், திட்டு இல்ல. மறைச்சு, நானா கண்டுபுடிச்சா மட்டும் ஒரு வாரம் கேம் கட்.

அடுத்தது நேரம். ஸ்கூல் நாள்ல ராத்திரி 8ல இருந்து 9.15 வரைக்கும் உன்னோடது. வெள்ளியும் சனியும் 11 வரைக்கும். ஞாயித்துக்கிழம மொத்தம் நாலு மணிநேரம், எப்ப வேணா பிரிச்சுக்க, ஆனா அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஹால்ல தூங்கறப்ப ஹெட்செட்டும் வேண்டாம், பேசவும் வேண்டாம். டையிங்ல நின்னுட்டு வர்ற மனுசன், அந்த அஞ்சு மணிநேரந்தான் அவருக்கு தூக்கம். 9.15ன்னா 9.15க்கு டக்குன்னு எந்திரின்னு சொல்ல மாட்டேன், பசங்களோட மேட்ச் நடுவுல இருந்தா முடிச்சுட்டு வா, நடுவுல போனா டீமுக்கே கஷ்டம்னு நீ சொன்னது எனக்கு இப்ப புரியுது. ஆனா 9 மணிக்கு மேல புது மேட்ச் ஆரம்பிக்கக்கூடாது. மைன்கிராஃப்ட்டுக்கு அந்த சாக்கு கிடையாது, அது எப்ப வேணா சேவ் ஆகும். 9 மணிக்கு நான் ஒரு தடவ வந்து சொல்லுவேன், அவ்வளவுதான், திரும்ப திரும்ப வந்து நிக்க மாட்டேன்.

மோட் பண்றது விளையாட்டுக் கணக்குல வராது. இத நான் ரொம்ப யோசிச்சுத்தான் எழுதுறேன் கண்ணு. போன மாசம் தர்ஷினிக்காக மைன்கிராஃப்ட்ல முறுக்கு கொண்டு வந்தியே, 16க்கு 16 கட்டத்துல ஒவ்வொரு புள்ளியா கலர் வெச்சு வரைஞ்சு, மொதல்ல அது நத்தை மாதிரி இருக்குன்னு அவ சொல்ல, அழிச்சுட்டு மூணு தடவ வரைஞ்ச. கேம்ல அத சாப்ட்டா பசி ரெண்டு புள்ளி ஏறுதுன்னு காட்டினப்ப அவ குதிச்சா பாரு. நான் கிச்சன்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஜாவால எங்கயோ ஒரு எழுத்து தப்பாகி கேம் தொறக்கவே இல்லைன்னு ரெண்டு மணிநேரம் தேடின, நான் டேலில 40 பைசா வித்தியாசம் தேடுற மாதிரியேதான் இருந்துச்சு. அது படிப்புதான், எனக்கு சந்தேகம் இல்ல. அப்பாவும் அன்னிக்கு சொன்னாரு, அவங்க செட் பசங்க எல்லாம் பிரவுசிங் சென்டர்ல விளையாண்ட கவுன்டர் ஸ்ட்ரைக்கே 1999ல ஹாஃப் லைஃப்னு இன்னொரு கேமுக்கு ரெண்டு பேர் பண்ணின மோட்தானாம், அப்புறம் அந்த கம்பெனியே அவங்கள வேலைக்கு எடுத்துக்கிச்சாம். நீயும் அப்படி ஆகணும்னு நான் சொல்லல, நீ பண்ற வேலைக்கு மரியாதை உண்டுன்னு மட்டும் சொல்றேன்.

அதனால சனிக்கிழம காலைல 9ல இருந்து 12 வரைக்கும் மோட் டைம், அது தனி. வார நாள்ல ஹோம்வொர்க் சீக்கிரம் முடிச்சுட்டா 7.30ல இருந்து 8 வரைக்கும்கூட எடுத்துக்க. டெஸ்ட் பண்ண கேம தொறக்கறது மோட் கணக்குதான். ஆனா டெஸ்ட்டுன்னு உள்ள போயிட்டு அரைமணிநேரமா வைரம் தோண்டிட்டு இருந்தா அது விளையாட்டு, நான் பின்னாடி வந்து எட்டிப் பாக்க மாட்டேன், நீயே கணக்கு வெச்சுக்க. நம்புறேன்.

கம்ப்யூட்டர்ல இப்ப ஆளுக்கொரு லாகின் போட்டாச்சு. அட்மின் என்னோடது மட்டும். உனக்கு இது கோவம் வரும்னு தெரியும், ஆனா பாரு, மோட் ஃபோல்டர் உன் லாகினுக்குள்ளேயேதான் இருக்கு, `%appdata%\.minecraft\mods`, அதுல .jar போடறதுக்கும் எடுக்கறதுக்கும் அட்மின் பாஸ்வேர்டே தேவைப்படாது. ஜாவா மாதிரி ஏதாவது இன்ஸ்டால் பண்ணணும்னா கூப்பிடு, எதுக்கு, எங்கிருந்துன்னு ரெண்டு வரி சொல்லு, பக்கத்துல உக்காந்து பாஸ்வேர்டு போட்டுத் தர்றேன். மோட்னு சொல்லி .exe வந்தா தொடாத. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுன்னு எவன் எழுதியிருந்தாலும் அந்த பக்கத்த அப்பவே மூடிரு. நல்ல சைட்ல இருந்து எடுத்தா பயமில்லைன்னும் நெனைக்காத, 2023 ஜூன்ல கர்ஸ்ஃபோர்ஜ்லயே சில மோட்ல ஃப்ராக்சரைசர்னு ஒரு வைரஸ் ஏறி, பிரவுசர்ல இருந்த லாகின், டிஸ்கார்ட் அக்கவுன்ட் எல்லாத்தையும் திருடியிருக்கு, அத படிச்சப்புறம்தான் எனக்கு நம்ம வீட்ல நடந்ததே முழுசா புரிஞ்சுது. அதனால இன்னிக்குத்தான் ஏத்தின புது மோட எடுக்காத, கொஞ்ச நாள் போகட்டும், வைரஸ்டோட்டல்ல ஒரு தடவ போட்டுப் பாரு. புது மோட் போடறதுக்கு முன்னாடி saves ஃபோல்டர காப்பி எடுத்து வை, எட்டு மாசம் கட்டின உன் கோட்டை போச்சுன்னு நீ சாப்பிடாம படுத்தது இன்னும் எனக்கு மறக்கல. என் பாஸ்வேர்டு எதையும் இனி குரோம்ல சேவ் பண்ண மாட்டேன், அது என் பக்கத்து தப்பு, திருத்திக்கிட்டேன்.

சர்வர்ல எக்ஸ்ரே மாதிரி மோட் போட்டு விளையாடாத. தனியா விளையாடறப்ப என்ன வேணா போட்டுக்க, அது உன் உலகம். நாலு பேர் இருக்கற இடத்துல அது ஏமாத்து. அடுத்தவங்க மோட உன்னோடதுன்னு போடவும் கூடாது, எடுத்து திருத்தணும்னா அவங்க லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்காங்கன்னு படி, பேர போடு.

காசு கட்டுற எதுவும் என்கிட்ட கேக்காம வேண்டாம், என் ஃபோன்ல யூபிஐ உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். பணம் வெச்சு ஆடுற கேம் பேச்சே இல்ல, 2025ல சட்டமே போட்டு தடை பண்ணிட்டாங்க.

அப்புறம் முறை. மாசம் 10, 11, 19, 20 இந்த நாலு நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் முழுக்க எனக்கு, ஜிஎஸ்டி தேதி நம்ம கையில இல்ல. அந்த நாள்ல போன நேரத்த அதே வாரம் சனி ஞாயிறுல ஏத்தித் தர்றேன், ஏமாத்த மாட்டேன், காலண்டர்ல எழுதி வைப்பேன். தர்ஷினிக்கு தினமும் 5.30ல இருந்து 6.15, அப்ப அவள எந்திரிக்க சொல்லாத, அவ வரைஞ்சிட்டு இருக்கறத மூடவும் மூடாத. கேம் எல்லாம் டி டிரைவ்ல, 150 ஜிபி உனக்கு. சி டிரைவ் நிறைஞ்சா டேலி தத்தளிக்குது.

நேரம் தாண்டினா எவ்வளவு தாண்டினியோ அவ்வளவு மறுநாள்ல கழியும், அதோட முடிஞ்சுது, பழசக் கிளற மாட்டேன். உன் சாட்ட படிக்க மாட்டேன். யாராவது வயசுல பெரியவங்க தனியா பேசறாங்க, போட்டோ கேக்கறாங்க, வேற எங்கயாவது வரச் சொல்றாங்கன்னா மட்டும் என்கிட்டயோ அப்பாகிட்டயோ காட்டிரு. சாப்பாட்டு நேரத்துல நானும் ஃபோன எடுக்க மாட்டேன், எடுத்தா நீ வாங்கி வெச்சுக்கலாம், பார்ட்டி கூப்ட்டாலும் சரி.

இதுல எது உனக்கு நியாயமா படலையோ அத அடிச்சுட்டு பக்கத்துல உன் கணக்க எழுது. 9.15 போதாதுன்னா ஏன்னு எழுது, "எல்லார் வீட்லயும் விடறாங்க"ன்னு மட்டும் எழுதாத. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அப்பா எந்திரிச்சதும் நாலு பேரும் உக்காந்து பேசி முடிப்போம், அரையாண்டு பரிட்சை முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவ பாப்போம். பேனா கீபோர்டு பக்கத்துல இருக்கு.

தர்ஷினி அடுத்தது தேங்காபன் வேணும்ங்கறா. முறுக்க விட அது வரையறது சுலபம்னு அவளே சொல்லிட்டா.

அம்மா