கருவாட்டுக் கடை மாசக் கணக்கு ஒத்துப் போகலைன்னா பாக்க வேண்டியது

அக்கா, ஆகஸ்ட் கணக்குல நோட்டுல 3,84,590 வருது, ஷீட்ல 3,71,930 வருதுன்னு ராத்திரி 11 மணி வரைக்கும் நீயும் மச்சானும் உக்காந்து இருந்தீங்கள்ல, இனிமே அந்த மாதிரி ஆகக் கூடாதுன்னு தான் இதை எழுதுறேன். பிரிண்ட் எடுத்து தராசு பக்கத்துல ஒட்டிரு. வரிசையா போ, நடுவுல தாவாத. ஒவ்வொண்ணு முடிச்சதும் பேனாவால டிக் போடு.

□ மொதல்ல ஷீட்டை காப்பி எடு. File போயி Make a copy. தேடுறதெல்லாம் காப்பில மட்டும். ஒரிஜினல்ல கைய வச்சா பழைய தப்போட புதுத் தப்பும் சேந்துக்கும், அப்புறம் எது எதுன்னே தெரியாது.

□ நோட்டு சரியான்னு பாரு. ஷீட் தான் தப்புன்னு நாமளா முடிவு பண்ணிடுறோம், நோட்டுலயும் கூட்டல் தப்பு இருக்கலாம்ல. கால்குலேட்டர்ல ஒரு தடவ மேல இருந்து கீழ, இன்னொரு தடவ கீழ இருந்து மேல கூட்டு. ரெண்டும் ஒண்ணா வந்தா தான் அடுத்ததுக்குப் போ.

□ ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தை தான் கூட்டுதா? கடனுக்குப் போன சரக்கு, குடுத்த அன்னைக்கே விற்பனை. பரமக்குடி கடைக்காரர் ஜூலை பாக்கியை ஆகஸ்ட்ல ஜிபேல போட்டா அது வசூல், ஆகஸ்ட் விற்பனை இல்ல. பஸ்ல பார்சல் போட்ட கூலி, ஐஸ் காசு, கல்லாவுல இருந்து வீட்டுக்கு எடுத்தது எதுவும் இந்த விற்பனைக் கூட்டல்ல வரக் கூடாது. அதனால கல்லாக் காசையும் பேங்க் மெசேஜையும் கூட்டி விற்பனை டோட்டலோட ஒப்பிடாத, அது ஒத்துப் போகவே போகாது.

□ வித்தியாசத்தை ஒரு பேப்பர்ல பெரிசா எழுது. இதுக்கு ரெண்டு நிமிஷம் செலவு பண்ணு, பாதி வேலை இங்கயே முடிஞ்சிரும்.
– அந்தத் தொகைக்கே ஒரு பில் இருக்கா? அப்போ அந்த பில் விட்டுப் போயிருக்கும், இல்லாட்டி ரெண்டு தடவ ஏறியிருக்கும்.
– பாதியாக்குனா ஒரு பில் தொகை வருதா? திரும்பி வந்த சரக்கை கழிக்காம கூட்டியிருப்போம்.
– 9 ஆல மிச்சமில்லாம வகுபடுதா? ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 8,350ஐ 3,850ன்னு அடிச்சா வித்தியாசம் 4,500, 9 ஆல வகுத்தா 500. ஒரு சைபர் விட்டுப் போனாலும் 9 ஆல வகுபடும், 4,500க்குப் பதிலா 450 அடிச்சா வித்தியாசம் 4,050, அதை 9 ஆல வகுத்தா தப்பா அடிச்ச அந்த 450 அப்படியே வந்து நிக்கும்.
– ஷீட் டோட்டல் சரியா ரெண்டு மடங்கா? வாரக் கூட்டலையும் சேத்து கூட்டியிருக்கு.

நம்ம 12,660 இதுல எதுலயும் மாட்டல, 9 ஆலயும் வகுபடல. அப்படின்னா பெரும்பாலும் ஒரு தப்பு இல்ல, ரெண்டு மூணு கலந்து கெடக்கு. பயப்படாத, கீழ போ.

□ டோட்டல் இருக்குற கட்டத்தைத் தொட்டு ஃபார்முலாவைப் படி. `=SUM(F2:F168)`ன்னு இருக்கணும், கடைசி பில் எந்த வரில இருக்கோ அந்த நம்பர் வரணும். மாசக் கடைசில டோட்டலுக்கு மேல புது வரி சேத்தா சில சமயம் ஃபார்முலா அதை எடுத்துக்காது.

□ எழுத்தா மாறிப் போன நம்பர் இருக்கா? நம்ம கடைல அதிகமா நடக்குறது இது தான். நோட்டுல 8160/- ன்னு எழுதி எழுதி உனக்குக் கை பழகிருச்சு, ஷீட்லயும் அப்படியே அடிச்சிருக்க. கண்ணுக்கு நம்பர் மாதிரி தெரியும், ஆனா SUM அதை எழுத்துன்னு நினைச்சு சத்தமில்லாம விட்ரும், தப்புன்னு கூட காட்டாது. ஏதாவது ஒரு காலிக் கட்டத்துல இதைப் போடு:

```
=COUNTA(F2:F168)-COUNT(F2:F168)
```

0 வந்தா நல்லது. 1 வந்தா ஒரு கட்டத்துல எழுத்து இருக்கு. F காலத்தை மேல இருந்து பாத்துக்கிட்டே வா, நம்பர் வலது ஓரமா ஒட்டி நிக்கும், எழுத்து இடது ஓரமா நிக்கும். ஆகஸ்ட் 13, 24 கிலோ நெத்திலி, கிலோ 340, அந்த 8,160 இடது பக்கமா நின்னுச்சு. சைபருக்குப் பதிலா ஆங்கில ஓ எழுத்து அடிச்சாலும் இதே கதை தான். வெறும் நம்பர் மட்டும் அடி.

அதை சரி பண்ணுனதும் வித்தியாசத்தை திரும்ப எழுது. 12,660ல 8,160 போக மிச்சம் 4,500. இப்போ 9 ஆல வகுபடுது பாத்தியா! ஒவ்வொரு தப்பு கெடச்சதும் மேல இருக்குற வித்தியாசக் கணக்கை மறுபடி போடணும், இதை மறந்துராத.

□ தேதி. ஷீட்டோட செட்டிங்ஸ்ல Locale அமெரிக்கான்னு இருந்தா 05/08ஐ மே 8ன்னு எடுத்துக்கும், 13/08ஐ தேதியாவே எடுத்துக்காது. மொத்த டோட்டல் சரியா இருக்கும், தேதி வச்சு பிரிக்கிற கூட்டல் மட்டும் இடிக்கும். India வச்சிரு, ஏற்கனவே மாறிப் போன தேதியைக் கையால திருத்து.

□ பாதி பாதியா பிரி. 31 நாளையும் ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தா கண்ணு பூத்துரும். மொத 15 நாளை மட்டும் கூட்டு:

```
=SUMIFS(F2:F168,A2:A168,">="&DATE(2025,8,1),A2:A168,"<="&DATE(2025,8,15))
```

நோட்டுல அதே 15 நாள் கூட்டலோட ஒப்பிடு. ஒத்துப் போச்சுன்னா தப்பு பின்பாதில, அந்தப் பாதியை திரும்ப ரெண்டா வெட்டு. அஞ்சு தடவைக்குள்ள ஒரே நாள்ல வந்து நிக்கும். ரெண்டு பாதியும் இடிச்சா தப்பு ரெண்டு இருக்கு, ஒவ்வொண்ணா பிடி. நமக்கு 24ஆம் தேதில நின்னுச்சு, சீலா, வாளை, திருக்கை எல்லாம் கலந்து போன பில், 8,350ஐ 3,850ன்னு அடிச்சிருந்துச்சு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடைல கூட்டம், உன் மேல தப்பே இல்லக்கா.

□ ஒரே பில் ரெண்டு தடவ. போன்ல வந்த ஆர்டரை நீயும் ஏத்துற, மச்சானும் ஏத்துறாரு. காலியா இருக்குற H காலத்துல, H2ல `=COUNTIF(B$2:B$168,B2)` போட்டு கீழ வரைக்கும் இழு, 1க்கு மேல வர்ற பில் நம்பரை மட்டும் நோட்டோட பாரு.

□ கிலோ. அரைக் கிலோன்னா 0.5, 500 இல்ல.

□ தொகைல ஃபார்முலாவை அழிச்சுட்டு யாரும் நம்பர் அடிச்சிருக்காங்களா? Ctrl ஓட ` சேத்து அழுத்துனா ஃபார்முலா எல்லாம் வெளிய தெரியும். `=D47*E47` மாதிரி வரிசையா வரும்போது நடுவுல வெறும் நம்பர் இருந்தா அந்த பில்லை எடு. கலப்பு பில்லுக்கு மட்டும் தான் கையால அடிக்கணும்.

□ ஃபில்டர் போட்டிருந்தா எடுத்துரு. மறைஞ்ச வரியையும் SUM கூட்டும். கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் கூட்டணும்னா `=SUBTOTAL(109,F2:F168)`.

□ போன மாசத்தை விட கம்மியா இருக்குன்னு மட்டும் வச்சு தப்புன்னு முடிவு பண்ணாத. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, சரக்கு வரத்து மாறும், விலையும் மாறும். கூட்டல் தப்பு வேற, வியாபாரம் கொறையிறது வேற.

□ எவ்வளவு தேடியும் கெடைக்கலைன்னா "வித்தியாசம்"னு ஒரு வரி போட்டு சரிக்கட்டாத, தயவு செஞ்சு. அடியில ஒரு கூட்டல் தப்பும் ஒரு கழித்தல் தப்பும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு இருக்கலாம். அப்படியே விட்டுட்டு காலைல எனக்கு போன் பண்ணு, தங்கச்சிமடத்துல இருந்து பாம்பன் வர எவ்வளவு நேரம் ஆகப் போகுது.

□ கெடச்சிருச்சுன்னா, அதே திருத்தத்தை ஒரிஜினல்லயும் பண்ணிட்டு, நோட்டு கடைசிப் பக்கத்துல தேதி, பில் நம்பர், முன்னாடி இருந்தது, இப்போ மாத்துனது நாலையும் எழுதி கையெழுத்துப் போடு. ஷீட்லயும் நோட்டுலயும் 3,84,590 வந்துச்சா? மச்சானைக் கூப்பிட்டு ஒரு தடவ காட்டிட்டு லேப்டாப்பை மூடு.