பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை: ஒப்புதல் படிவம்

உங்கள் பித்தப்பையில் கற்கள் இருக்கின்றன. அதனால்தான் வலி திரும்பத் திரும்ப வருகிறது. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துப் பித்தப்பையை முழுதாக எடுப்போம். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி உருவாகலாம்.

100 பேரில் சுமார் 5 பேருக்கு வயிற்றைத் திறந்தே முடிக்க வேண்டிவரும். உள்ளே சதை ஒட்டிப்போய்ப் பித்தக்குழாய் தெளிவாகத் தெரியாவிட்டால் அதுதான் பாதுகாப்பு.

1000 பேரில் 3 முதல் 5 பேருக்குப் பித்தக்குழாய் காயப்படலாம். எண்ணிக்கை சிறியது, நேர்ந்தால் பாதிப்பு பெரியது. இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சிலருக்குக் கல்லீரல் தொல்லை நீடிக்கும். இரத்தக்கசிவு, சீழ், நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகியவையும் வரலாம். உயிரிழப்பு அரிது, நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது.

அறுவை வேண்டாம் என்றால் வலி திரும்பலாம், பித்தப்பையோ கணையமோ வீங்கலாம். மறுத்தாலும் மற்ற சிகிச்சை நிற்காது.

கையெழுத்துக்கு முன் உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்: எதை எடுக்கிறோம்? எப்போது வயிற்றைத் திறப்போம்? தலையாட்டினால் போதாது. கையெழுத்திட்ட பிறகும், மயக்கம் கொடுக்கும்வரை, நீங்கள் மனம் மாறலாம்.