சித்தி அனுப்பிய எச்சரிக்கையும் அதற்கான பதிலும்

குன்னூரிலிருந்து சித்தி, இரவு 9.10
(பலமுறை பகிரப்பட்டது)

அவசரம்! அவசரம்! இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து செல்கின்றன. செல்போனை அணைத்துத் தூரமாக வைக்கவும். பக்கத்தில் வைத்துத் தூங்கினால் உயிருக்கு ஆபத்து. நாசா அறிவிப்பு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் உடனே அனுப்பவும்!

ஊட்டியிலிருந்து பதில், இரவு 9.25

சித்தி, பார்த்தேன். இந்த நேரத்தில் என்னை நினைத்து அனுப்பினீர்களே, சந்தோஷம். சித்தப்பாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மழை விட்டதும் குளிர் ஏறிவிட்டதே, அதுதான் எனக்குக் கவலை.

இன்றைக்கு போனை அணைக்க வேண்டாம் சித்தி. ராத்திரி சித்தப்பாவுக்கு ஏதாவது என்றால் 108-ஐக் கூப்பிட அதுதான் கையில் இருக்க வேண்டும். தம்பியும் கோவையிலிருந்து நைட் ஷிப்ட் இடைவேளையில் கூப்பிடுவான், போன் போகவில்லை என்றால் பயந்துவிடுவான்.

காஸ்மிக் கதிர் என்பது உண்மையான விஷயம்தான். ஆனால் ஒரு ராத்திரி மட்டும் வந்து போகிறதில்லை. பகலும் இரவும் வந்துகொண்டே இருக்கிறது. மேலே காற்றில் மோதி உண்டாகும் மியூயான் என்ற துகள்கள் நொடிக்கு ஒன்றாவது நம் உள்ளங்கை வழியாகப் போகிறது. இப்போதும், நீங்கள் இதைப் படிக்கும்போதும். நாம் பிறந்ததிலிருந்தே இதோடுதான் இருக்கிறோம். போன் அணைந்திருந்தாலும் ஆனில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இதை அளக்கிற இடமே நம்ம ஊட்டியில் இருக்கிறது சித்தி. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம். அங்கே கிரேப்ஸ்-3 என்று ஒரு கருவி வருஷம் முழுக்க இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2015 ஜூனில் சூரியனிலிருந்து வந்த பெரிய வெடிப்பு பூமியின் காந்தப்புலத்தைத் தட்டியபோது இரண்டு மணி நேரம் இந்தக் கதிர்கள் சட்டென்று கூடியதை அதுதான் பதிவு செய்தது. அன்றைக்கும் நாம் போனைப் பக்கத்தில் வைத்துத்தான் தூங்கியிருப்போம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த மெசேஜ் என்னிடமே இருக்கட்டும், நான் யாருக்கும் அனுப்பவில்லை. உங்களுக்கு அனுப்பியவரும் பயந்துபோய்த்தான் அனுப்பியிருப்பார். முடிந்தால் அவரிடம், "ஊட்டியில் விசாரித்தேன், பயப்பட ஒன்றுமில்லை, போனை ஆன் பண்ணியே வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தக் குரூப்பில் வயதானவர்கள் இருப்பார்கள், நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இனி ராத்திரியில் மழை, மண்சரிவு என்று ஏதாவது வந்து பயமாக இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கு நேரே கேட்டுவிடலாம். இல்லாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

சரி, சித்தப்பாவின் இன்ஹேலர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? தீரப்போகிறது என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரும்போது வாங்கி வருகிறேன்.