களஞ்சிய இருப்பைக் கணினியில் ஏற்றும் வேலை: வார அறிக்கை, 29 செப்டம்பர் – 3 ஒக்டோபர் 2025

தம்பி,

உங்கள் குறிப்பை முதலாளிக்கு அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. அவர் சனிக்கிழமை காலை கடை திறக்கிற நேரத்தில் போனில்தான் படிப்பார். நீளமாக இருந்தால் "பிறகு பார்ப்பம்" என்று பொக்கெட்டில் போட்டுவிடுவார். நமக்கோ அவரிடமிருந்து இரண்டு பதில் வேண்டும். அதனால் அறிக்கையாக எழுதிவிட்டேன். முதலில் நீங்கள் அனுப்பியது, அப்புறம் நான் எழுதியது. நான் எங்காவது பிழையாக விளங்கியிருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பியது

"அக்கா, இந்தக் கிழமை விபரம். திங்கள் 92 சாமான் ஏத்தினோம். செவ்வாய் கரண்ட் போய் ரெண்டு மணித்தியாலம் சும்மா இருந்தோம், 61தான். புதன் 98, வியாழன் 84, இண்டைக்கு 95. நல்லாப் போகுது, முக்கால்வாசி முடிஞ்ச மாதிரி. எக்செல்ல பார்கோட் எல்லாம் 4.79E+12 எண்டு வந்துட்டுது, அத சேவ் பண்ணி ஏத்தினதில 96 சாமான் பிழைச்சுப் போச்சு, சொரி அக்கா. பில் அடிச்சுப் பார்த்தோம், தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமா வருது. சொப்ட்வெயார் ஆக்கள் புதன் தாறன் எண்டாங்க. வற் லிஸ்ட் எக்கவுண்டன்ட் இன்னும் தரேல்ல. களஞ்சியத்தில பெரியவர் போன் வந்தா சாமான் குடுத்துர்றார், துண்டு எழுதுறதில்ல, நாங்க எண்ணி முடிக்கக்குள்ள கொப்பிப் பெட்டி குறைஞ்சிருக்கு. சும்மா 50 சாமான் திருப்பி எண்ணிப் பார்த்தோம், 14 சரிவரேல்ல. திங்கள் போயா. அடுத்த கிழமை எல்லாம் முடிச்சிருவோம், 13ஆம் திகதி தொடங்கலாம். லொறி ஆமர் வீதியில மாட்டினதால வியாழன் லேட்."

நான் எழுதியது

பொருள்: களஞ்சிய இருப்பு, வார அறிக்கை (உங்கள் முடிவு தேவை: 2)

ஐயா,

கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் உள்ள 1,840 வகைச் சாமான்களில் 1,220 கணினியில் ஏறிவிட்டன. ஆனால் 13ஆம் திகதி திங்கட்கிழமை புது முறையில் பில் போடத் தொடங்குவது, இப்போதுள்ள ஆட்களோடு முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், எண்ணி ஏற்றிய இருப்பு நிஜ இருப்போடு ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டுக்கும் உங்கள் முடிவு வேண்டும்.

முன்னேற்றம்

சென்ற வாரம் வரை 790 ஏறியிருந்தன. இந்த வாரம் 430 ஏற்றினோம், அதாவது நாளொன்றுக்குச் சராசரி 86. இன்னும் 620 மீதி. ஏறியவற்றில் 96 சாமான்களின் பார்கோட்டை மட்டும் மறுபடி ஸ்கான் செய்ய வேண்டும். எக்செல் அந்த 13 இலக்க எண்களைச் சுருக்கிக் காட்ட, அது அப்படியே சேமிக்கப்பட்டுக் கடைசி இலக்கங்கள் போய்விட்டன. எண்ணிக்கை, விலை இரண்டும் சரியாகவே இருக்கின்றன. இனிமேல் அந்த நிரலை Text என்று வைத்த பிறகே கோப்பைத் திறக்கிறோம், எனவே இது திரும்ப வராது.

பில் மாதிரி ஒன்று அச்சடித்துப் பார்த்தோம். ஆங்கில எழுத்து சரியாக வருகிறது. தமிழ் எழுத்து இந்த பிரின்டரில் இல்லாததால் கட்டங்களாக வருகிறது. மென்பொருள்காரர் பில்லைப் படமாக மாற்றி அச்சடிக்கும் வழியை 8ஆம் திகதி புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தடைகள்

1. இருப்பு பொருந்தாமை. ஏற்றி முடித்தவற்றில் 50 சாமான்களை மறுபடி எண்ணினோம். 14 பொருந்தவில்லை. காரணம் தெரிந்ததுதான்: கடையிலிருந்து அவசரமாக போன் வந்தால் களஞ்சியத்திலிருந்து சாமான் உடனே போகிறது, துண்டு பிறகு எழுதப்படுகிறது அல்லது எழுதப்படாமலே விடுபடுகிறது. நாங்கள் எண்ணிவிட்டு அடுத்த அடுக்குக்குப் போவதற்குள் முன்னால் எண்ணியது மாறிவிடுகிறது. பாடசாலைக் காலத்துக்குச் சி.ஆர் கொப்பியும் ரீம் தாளும் இப்போதே ஓடத் தொடங்கியிருப்பதால், வித்தியாசம் இனிக் கூடத்தான் செய்யும். எங்கள் வேண்டுகோள்: 7ஆம் திகதி செவ்வாய் தொடங்கி, துண்டு இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது என்று நீங்கள் கடைக்கும் களஞ்சியத்துக்கும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். கார்பன் வைத்த துண்டுப் புத்தகம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். சாமான், எண்ணிக்கை, நேரம், வாங்கியவர் கையெழுத்து. அரை நிமிட வேலை. இந்த முடிவு வராவிட்டால் மீதி 620ஐ ஏற்றியும் பலனில்லை.

2. ஆள். இப்போது எண்ணுவதும் ஏற்றுவதும் ஒரே இருவர். திங்கட்கிழமை போயா என்பதால் அடுத்த வாரம் நான்கு நாட்கள்தான் வேலை. இதே வேகத்தில் 344 ஏறும், 276 மீதி நிற்கும். எனவே இரண்டு வழி:

முதலாவது, கடையிலிருந்து இன்னும் இருவரை 7 முதல் 10 வரை களஞ்சியத்துக்குத் தருவது. இரண்டு குழுவாக நாளொன்றுக்கு 172 வரை ஏற்றலாம். வெள்ளிக்கிழமை 620ஐ முடித்து, சனி 11ஆம் திகதி அந்த 96ஐ ஸ்கான் செய்து, 13ஆம் திகதி சொன்னபடி தொடங்கலாம். ஆனால் கடையில் நான்கு நாள் ஆள் குறைவாக இருக்கும்.

இரண்டாவது, இருக்கிற இருவரோடு 16ஆம் திகதி வியாழன் முடித்து, 17ஆம் திகதி 96ஐயும் ஸ்கான் செய்து, தீபாவளி கழிந்து 22ஆம் திகதி புதன்கிழமை தொடங்குவது. 20ஆம் திகதி தீபாவளி, அதற்கு முன்பின் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால் அதற்கு நடுவில் தொடங்க வேண்டாம்.

எங்கள் விருப்பம் இரண்டாவது. அவசரமாக எண்ணினால் 14 என்பது 20 ஆகும் என்று பயப்படுகிறோம்.

3. வற் பட்டியல். பதிவுள்ள வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லில் 18% வரியைத் தனியாகக் காட்ட வேண்டும். எந்தச் சாமானுக்கு வரி, எதற்கு இல்லை என்ற பட்டியலைக் கணக்காளரிடம் செவ்வாய்க்கிழமை கேட்டோம், இன்னும் வரவில்லை. 9ஆம் திகதி வியாழனுக்குள் வராவிட்டால், அவர்களுக்கு மட்டும் பழைய பில் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டிருப்போம். இதனால் தொடங்கும் திகதி தள்ளாது. ஐயா ஒருமுறை அவரிடம் கதைத்தால் வேகமாக வரும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் (7 – 10 ஒக்டோபர்)

செவ்வாய் காலை துண்டுப் புத்தகம் நடைமுறைக்கு வரும். புதன் மதியத்துக்குள் தமிழ் பில் அச்சு சோதனை. வியாழன் வற் பட்டியல் வந்ததா என்று பார்த்து பில்லில் சேர்ப்போம். நான்கு நாளும் ஏற்றும் வேலை தொடரும், குறைந்தது 344. வெள்ளி மாலை மறுபடி 50 சாமான்களை எண்ணி, துண்டு வைத்த பிறகு வித்தியாசம் குறைந்ததா என்று அடுத்த அறிக்கையில் சொல்வோம்.

உங்களிடம் கேட்பது: துண்டு இல்லாமல் சாமான் போகக்கூடாது என்ற சொல், தொடங்கும் திகதி 13ஆ 22ஆ. திங்கட்கிழமை மாலைக்குள் சொன்னால் செவ்வாய் வேலையை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாம்.

இனி உங்களுக்கு மட்டும்

பெரியவரின் பெயரை நான் எடுத்துவிட்டேன், கவனித்திருப்பீர்கள். அவர் முப்பது வருடம் துண்டு இல்லாமலே அந்தக் களஞ்சியத்தை நடத்தியவர், எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. போன் வந்தால் கொடுக்கச் சொல்லிப் பழக்கியதே கடைதான். அறிக்கையில் அவர் தலையில் போட்டால் முதலாளி அவரிடம் சத்தம் போடுவார், பெரியவர் ஒரு வாரம் நம்மோடு கதைக்க மாட்டார், எண்ணுகிற வேலை அதோடு நிற்கும். முதலாளியே கடைக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. செவ்வாய் காலை துண்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் முதல் துண்டை நீங்களே எழுதிக் காட்டுங்கள், அவரை எழுதச் சொல்லி நிற்க வேண்டாம்.

"முக்கால்வாசி" என்று எழுதியிருந்தீர்கள். 1,840இல் முக்கால் என்றால் 1,380, நாம் இருப்பது 1,220இல், அதிலும் 96ஐக் கழித்தால் 1,124. முதலாளி வியாபாரி, இந்தக் கணக்கை உங்களைவிட வேகமாகப் போடுவார். "எல்லாம் முடிச்சிருவோம்" என்பதையும் எடுத்துவிட்டேன். ஐந்து நாளில் 430 ஏற்றிய கை நான்கு நாளில் 620 ஏற்றாது.

கரண்ட் போனதையும் லொறி மாட்டினதையும் விட்டுவிட்டேன். சராசரி 86இல் அவை ஏற்கெனவே அடங்கிவிட்டன. தினசரிக் கணக்கை உங்கள் கொப்பியில் வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம். பார்கோட் பிழைக்கு "சொரி" வேண்டாம். என்ன நடந்தது, இனி வராமல் என்ன செய்தோம் என்பதே போதும். உண்மையில் நானும் அந்தக் கோப்பை ஒரு தடவை திறந்து பார்த்தேன், 4.79 என்று தொடங்குவதைக் கண்டும் இலங்கைப் பார்கோட் 479இல்தானே தொடங்கும் என்று நினைத்து மூடிவிட்டேன். ஆகவே பிழையில் பாதி என்னுடையது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்: பொருந்தாத 14இல் எத்தனை கூடுதலாக இருந்தன, எத்தனை குறைவாக இருந்தன? எல்லாமே குறைவு என்றால் நான் எழுதியது சரி. கூடுதலாகவும் சில இருந்தால், நாமே டசினையும் பெட்டியையும் மாற்றி எண்ணியிருக்கிறோம், அப்போது முதலாவது தடையைத் திருத்தி எழுத வேண்டிவரும். இரவு ஒன்பது மணி வரை விழித்திருப்பேன்.

அக்கா