இணையவழிப் பணமோசடிப் புகார்: ஒப்புகை எண் 32911250087416-க்கான முழு விவரமும் இணைப்புகளும்

தேசிய சைபர் குற்றப் புகார் தளம், cybercrime.gov.in
பிரிவு: நிதி மோசடி
சம்பவ நாள்: 18.11.2025, செவ்வாய்க்கிழமை
விவரம் பதிவேற்றும் நேரம்: அதே நாள் இரவு 9.10
விசாரணை எல்லை: திருநெல்வேலி மாநகர சைபர் குற்றக் காவல் நிலையம்

படிவத்தின் விவரப் பெட்டியில் பதிந்தது

18.11.2025 அன்று பிற்பகல் 12.38 மணிக்கு என் தந்தையின் வாட்ஸப்புக்கு, தெருக் குடியிருப்போர் குழுவில் உள்ள ஒருவரின் எண்ணிலிருந்து போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் ஒரு ஏபிகே கோப்பு வந்தது. அதை நிறுவியபின் அந்தச் செயலி எஸ்எம்எஸ் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, டெபிட் கார்டு விவரத்தையும் வாங்கியது. 1.04 முதல் 1.27 மணிக்குள் அவர் சேமிப்புக் கணக்கிலிருந்து ஐந்து பரிவர்த்தனைகளில் 98,399 ரூபாய் போயிற்று. ஓடிபி எதையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. வங்கிக்கு 1.58க்கும் 1930 உதவி எண்ணுக்கு 2.19க்கும் தெரிவித்தோம். இது அதே புகாரின் தொடர்ச்சி, புதிய புகார் அல்ல. முழு விவரம் இணைப்பில் உள்ளது.

இணைப்பு 1: விரிவான புகார்

ஐயா,

கணக்கு வைத்திருப்பவர் என் தந்தை வே. கந்தசாமி, வயது 68, பாளையங்கோட்டை. அவர் சம்மதத்துடன், அவர் கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கொண்டு தளத்தில் நுழைந்து, அவர் மகள் க. செண்பகவல்லி இதை எழுதுகிறேன். வங்கி, கிளை, முழுக் கணக்கு எண், சந்தேக எண்கள் எல்லாம் படிவத்தின் அந்தந்தக் கட்டங்களில் உள்ளன. இங்கே அடையாளத்துக்குக் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் தருகிறேன்.

நடந்தது எப்படி

12.38க்கு வந்த கோப்பின் பெயர் `RTO E Challan.apk`. கூடவே, தந்தையின் ஸ்கூட்டருக்கு ரூ. 1,000 அபராதம், இன்றே கட்டாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் என்று ஒரு செய்தி. 12.46க்கு அவர் அதை நிறுவினார். தெரியாத மூலத்திலிருந்து நிறுவும் அனுமதி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, அனுப்பும் அனுமதி மூன்றையும் செயலி அடுத்தடுத்துக் கேட்டது, அவர் கொடுத்துவிட்டார். பிறகு, சரிபார்க்க ஒரு ரூபாய் செலுத்துங்கள் என்ற பக்கத்தில் வாகன எண், 6650-இல் முடியும் டெபிட் கார்டின் எண், காலாவதி மாதம், சிவிவி ஆகியவற்றைப் பதிந்தார். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. சற்று நேரத்தில் செயலியின் சின்னமும் திரையிலிருந்து மறைந்தது. அமைப்புகளில் உள்ள செயலிப் பட்டியலில் மட்டும் இன்னும் தெரிகிறது.

12.51 முதல் 1.27 வரை வங்கியிலிருந்து ஒன்பது ஓடிபி செய்திகள் வந்துள்ளன. ஒன்பதும் இன்பாக்ஸில் 'படித்தது' என்ற நிலையில் கிடக்கின்றன; தந்தை ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, அறிவிப்பு ஒலியும் வரவில்லை. அனுப்பிய செய்திகளில் 12.58க்கு, வேறொரு கைபேசியில் யூ.பி.ஐ. பதிவு செய்யப் போகும் வகைச் செய்தி ஒன்று, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரமாக, இவருடைய சிம்மிலிருந்தே போயிருக்கிறது. 12.55 ஓடிபியின் வாசகம் இணைய வங்கிப் பதிவுக்கானது என்று சொல்கிறது. கார்டு விவரமும் ஓடிபியும் சேர்ந்தால் எங்கள் வங்கியில் இணைய வங்கிச் சேவையைப் புதிதாகத் திறக்கலாம். அதற்கு முன் இவருக்கு அந்தச் சேவையே கிடையாது. பதிவு நடந்த சாதனத்தின் விவரமும் ஐ.பி. முகவரியும் வங்கியிடம் இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெற வேண்டுகிறேன்.

பரிவர்த்தனைகள்

கணக்கு 2194-இல் முடிவது. 1.04க்கு முன் இருப்பு ரூ. 1,12,640.

1. பிற்பகல் 1.04, யூ.பி.ஐ., ரூ. 1. குறிப்பு எண் 532218460217.
2. 1.06, யூ.பி.ஐ., ரூ. 4,999. குறிப்பு எண் 532218467730. முதலாவது போன அதே யூ.பி.ஐ. முகவரிக்கு.
3. 1.13, ஐ.எம்.பி.எஸ்., ரூ. 49,900. குறிப்பு எண் 532213904158. பெறுநர் கணக்கு 3086-இல் முடிவது.
4. 1.19, ஐ.எம்.பி.எஸ்., ரூ. 45,000. குறிப்பு எண் 532213911620. பெறுநர் கணக்கு 7712-இல் முடிவது. 1.21க்குத் திரும்ப வரவாகிவிட்டது.
5. 1.24, டெபிட் கார்டு, இணைய வணிகத் தளம், ரூ. 24,999. ஒப்புதல் குறியீடு 408315.
6. 1.27, டெபிட் கார்டு, அதே தளம், ரூ. 18,500. ஒப்புதல் குறியீடு 408977.

நான்காவதைப் படிவத்தின் இழப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. வங்கி அறிக்கையில் பற்று, வரவு என இரண்டு வரியாக அது தெரியும். பற்றை மட்டும் கூட்டினால் ரூ. 1,43,399 வரும், அது தவறு. உண்மையான இழப்பு ரூ. 98,399, இப்போதைய இருப்பு ரூ. 14,241. ஆனாலும் 7712 கணக்கு மோசடிக்காரர் கைக்கு எட்டிய கணக்கு என்பதால் அதன் விவரத்தைச் சந்தேகக் கணக்காகவே பதிந்திருக்கிறேன். இங்கே பணம் திரும்பிவிட்டது என்று அதை விட்டுவிட வேண்டாம்.

முதல் இரண்டும் சேர்ந்து சரியாக ரூ. 5,000. புதிய சாதனத்தில் யூ.பி.ஐ. பதிவானபின் முதல் 24 மணி நேரத்துக்கு அனுமதிக்கும் தொகை அதுதான். அந்த வரம்பைத் தொட்ட பிறகே இணைய வங்கிக்கும் கார்டுக்கும் மாறியிருக்கிறார்கள். ஆகவே ஆறும் ஒரே கையின் வேலை. தனித்தனிப் புகார்களாகப் பிரிக்க வேண்டியதில்லை.

உடனே செய்ய வேண்டிக் கேட்பது

மூன்றாவது பரிவர்த்தனையின் ரூ. 49,900 கணக்கிலிருந்து கணக்குக்கு நகரும் பணம். 3086 கணக்கில் மீதி இருந்தால் முடக்கவும், நகர்ந்திருந்தால் அடுத்த கணக்குகளுக்கும் அதே உத்தரவை நீட்டிக்கவும் வேண்டுகிறேன்.

ஐந்தும் ஆறும் வேறு வகை. இரண்டும் பரிசு வவுச்சர் வாங்கிய செலவு என்று வங்கியின் மின்னஞ்சல் அறிவிப்பிலிருந்து தெரிகிறது. வவுச்சரை வேறு கணக்கில் ஏற்றிவிட்டால் வங்கி முடக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. வணிகத் தளத்தின் குறைதீர் பிரிவுக்கு மாலை 4.15க்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஆர்டர் எண் இல்லாமல் பார்க்க முடியாது, காவல்துறை கேட்டால் தருவோம் என்று பதில். எங்களிடம் ஆர்டர் எண் இருக்க வழியில்லை, ஆர்டர் போட்டவர் நாங்கள் அல்ல. மேலே தந்த ஒப்புதல் குறியீடுகள், தொகை, நேரம் ஆகியவற்றைக் கொண்டு அந்த இரண்டு ஆர்டர்களையும் நிறுத்திவைக்கவும், ஆர்டர் போட்ட கணக்கின் கைபேசி எண்ணைப் பெறவும் தங்கள் பக்கமிருந்து அறிவிப்பு போக வேண்டும்.

தெரிவித்த நேரங்கள்

வங்கியில் பதிந்துள்ள மின்னஞ்சல் என்னுடையது. ஆகவே அறிவிப்புகள் 1.50க்கு என் கண்ணில்தான் பட்டன. 1.58க்கு வங்கி உதவி எண்ணில் பேசி கார்டு, யூ.பி.ஐ., இணைய வங்கி மூன்றையும் 2.04க்குள் முடக்கினோம். 1930 இரண்டு முறை கிடைக்கவில்லை, 2.19க்குக் கிடைத்தது. 2.31க்கு ஒப்புகை எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. 3.40க்குக் கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்கியிருக்கிறோம். 1.27க்குப் பிறகு கணக்கில் எந்தப் பற்றும் இல்லை. வங்கியின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கியின் 6.7.2017 சுற்றறிக்கைப்படி வங்கியிடமே தனியாகக் கேட்டிருக்கிறோம்.

கைபேசியின் நிலை

விமானப் பயன்முறையில் வைத்திருக்கிறோம். செயலியை நீக்கவில்லை, தொழிற்சாலை நிலைக்கும் மாற்றவில்லை. சிம்மை எடுத்து ஒரு பட்டன் கைபேசியில் போட்டிருக்கிறோம். `*#21#` போட்டுப் பார்த்ததில் அழைப்புத் திருப்பம் எதுவும் இல்லை. கோப்பைத் திறக்காமல் யு.எஸ்.பி. வழியாக ஒரு பென் டிரைவில் நகலெடுத்திருக்கிறேன், அதன் எஸ்.எச்.ஏ.-256 மதிப்பு:

```
9f3c1a7e5b20d846c7f1e09a43bd6821
0e75c4d9a86b13f27d50b9e4613ac8f2
```

இது ஒரே மதிப்பு, இரண்டு வரியாக உடைத்திருக்கிறேன். தளத்தில் ஏபிகே கோப்பைப் பதிவேற்றவில்லை. கைபேசியையும் பென் டிரைவையும் அழைக்கும் நாளில் நேரில் ஒப்படைக்கிறோம், கைப்பற்றியதற்கு ரசீது வேண்டும்.

அனுப்பிய எண் பற்றி

கோப்பு வந்த எண்ணின் உரிமையாளர் எங்கள் தெருக்காரர். அவருடைய வாட்ஸப் 12.10 வாக்கில் தானாக வெளியேறிவிட்டது என்கிறார். அதை நம்பக் காரணம் இருக்கிறது: 1.36க்கு என் தந்தையின் வாட்ஸப்பும் அப்படியே வெளியேறி, 1.41க்கு அவர் பெயரிலிருந்து அதே கோப்பு உறவினர் குழுவுக்குப் போயிருக்கிறது. செயலி எஸ்எம்எஸ்ஸைப் படித்து வாட்ஸப் குறியீட்டையும் கடத்துகிறது. சந்தேக நபர் கட்டத்தில் ஓர் எண் கேட்டதால்தான் அவர் எண்ணைப் பதிந்தேன்; அவரைச் சாட்சியாகக் கொள்ள வேண்டுகிறேன். மோசடிக்காரர்கள் இரட்டைச் சரிபார்ப்புப் பின் எண் வைக்காததால் தந்தையின் வாட்ஸப் கணக்கை 3.20க்கு வேறு கைபேசியில் மீட்டுவிட்டோம்.

மாலையில் வந்த அழைப்பு

மாலை 6.40க்கு ஒருவர், சைபர் பிரிவிலிருந்து பேசுகிறேன், ரூ. 2,500 கட்டினால் இன்றே பணம் விடுவிக்கப்படும் என்றார். போன தொகையை '98,399' என்று சில்லறை வரை சொன்னார். ஆனால் ஒப்புகை எண்ணைக் கேட்டதும் துண்டித்துவிட்டார். புகாரைப் பார்த்தவருக்கு எண் தெரிந்திருக்கும். பணத்தை எடுத்தவருக்குத் தொகை மட்டும்தான் தெரியும். பணம் கட்டவில்லை. அந்த எண் 5538-இல் முடிகிறது, முழு எண் படிவத்தில் உள்ளது. அதன் அழைப்பு விவரத்தையும் இதே புகாரில் சேர்த்துப் பார்க்கவும்.

இணைத்துள்ளவை

`01_whatsapp_1238.jpg`: கோப்பும் அபராதச் செய்தியும், அனுப்பிய எண் தெரியும்படி.
`02_permissions.jpg`: செயலிக்குக் கொடுத்த அனுமதிகள்.
`03_otp_inbox_1.jpg`, `04_otp_inbox_2.jpg`: ஒன்பது ஓடிபிகளும். ஓடிபி எண்களை மறைக்கவில்லை, எல்லாம் காலாவதியானவை.
`05_sent_sms_1258.jpg`: யூ.பி.ஐ. பதிவுக்குப் போன செய்தி.
`06_statement.pdf`: 17.11 முதல் 18.11 வரை வங்கியிலிருந்து இறக்கிய கணக்கு அறிக்கை.
`07_email_alerts.pdf`: வங்கியின் ஆறு மின்னஞ்சல்கள், தலைப்புப் பகுதியுடன்.
`08_whatsapp_1341.jpg`: உறவினர் எடுத்து அனுப்பிய படம்.
`09_call_1840.jpg`: அழைப்புப் பதிவு.
`10_branch_copy.pdf`: கிளை முத்திரையிட்ட நகல்.

படங்கள் முழுத் திரையாகவே உள்ளன. வெட்டவோ அம்புக்குறி, வட்டம் போடவோ இல்லை. 02, 03, 04, 05 கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றியபின் எடுத்தவை, அதனால் திரையின் மேலே தெரியும் நேரம் 2.40க்குப் பிந்தையது. மூலப் படங்கள் அழியாமல் உள்ளன. பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்டால் கையொப்பமிட்டுத் தருகிறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி, பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 319(2) ஆகிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிந்து நகல் தர வேண்டுகிறேன். மின்னணு வழியில் வந்த தகவலில் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும் என்பதால், 20.11.2025 வியாழக்கிழமை காலை 10.30க்குத் தந்தையும் நானும் நிலையத்துக்கு வருகிறோம். எந்தக் கணக்கில் எவ்வளவு முடக்கப்பட்டது என்ற விவரத்தை எழுத்தில் தந்தால், பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு போட உதவும்.

மேலே சொன்னவை எனக்கும் தந்தைக்கும் தெரிந்தவரை உண்மை.

வே. கந்தசாமி, கணக்கு உரிமையாளர்
க. செண்பகவல்லி, மகள்
பாளையங்கோட்டை, 18.11.2025